பூட்டிய கணக்கிலிருந்து வெளியே போன இரண்டு வீடியோக்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சித்தி மகள் ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்தபோது அழுது முடித்திருந்தாள். குரலில் கோபம் மட்டும்தான் மிச்சம். "அக்கா, நான் பிரைவேட் போட்டுட்டேன். அப்புறமும் வெளியே வருது. இது வேலையே செய்யலை."

வயது 22. இன்ஸ்டாகிராமில் நடன வீடியோ போடுவாள். 61 ரீல்ஸ், 843 பாலோயர்கள். ஒன்றரை வருடமாகக் கணக்கு எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. வெள்ளிக்கிழமை இரவு தெரியாத ஒருவன் அவளுடைய 40 வினாடி வீடியோவை ரீமிக்ஸ் செய்திருந்தான். திரையின் ஒரு பாதியில் அவள் ஆடுகிறாள். மறுபாதியில் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளுடைய உடம்பைக் கிண்டல் செய்கிறான். அவளுடைய வீடியோவை ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருக்க, அவனுடையதை 90 ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள். பதறிப்போய் கணக்கைப் பிரைவேட் ஆக்கினாள். இனி பயமில்லை என்று சனிக்கிழமை புது வீடியோ ஒன்றும் போட்டாள். ஞாயிறு காலை அந்தப் புது வீடியோவும் உறவினர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது.

நான் நிறுவனங்களுக்கு சமூக ஊடகக் கணக்குகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். இந்தப் புகார் எனக்குப் புதிதல்ல. பிரைவேட் பட்டன் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அது எந்த வேலையைச் செய்யும் என்பதில்தான் குழப்பம்.

இரண்டு கசிவுகள், இரண்டு வழிகள்

முதலில் அந்த இரண்டு வீடியோக்களையும் அனுப்பச் சொல்லிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வீடியோ எப்படி வெளியே போனது என்பதை அதன் முகத்திலேயே ஓரளவு படித்துவிடலாம்.

இன்ஸ்டாகிராமின் டவுன்லோட் வசதி வழியாக எடுத்தது என்றால் அதன்மேல் இன்ஸ்டாகிராம் அடையாளமும் வீடியோ போட்டவரின் பயனர் பெயரும் இருக்கும். அடையாளம், பட்டன் எதுவுமில்லாமல் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தால், கணக்கு திறந்திருந்த காலத்தில் யாரோ லிங்க்கை ஏதாவதொரு டவுன்லோட் தளத்தில் ஒட்டி எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். வலது ஓரத்தில் இதயம், கமெண்ட், அனுப்பும் அம்பு எல்லாம் தெரிந்தால் அது ஸ்க்ரீன் ரெக்கார்டிங். தன் போனில் அந்த வீடியோவைப் பார்க்க அனுமதி உள்ளவர்தான் அதை எடுத்திருக்க முடியும்.

முதல் வீடியோவுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அது ரீமிக்ஸ், அதை எடுத்தவனுடைய கணக்கிலேயே நிற்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததில் வலது ஓரப் பட்டன்கள் அத்தனையும் இருந்தன. மேலே போனின் நேரம் 11:52, பேட்டரி சிவப்பில்.

"இதை எடுத்தவர் உன் 843 பேரில் ஒருத்தர்" என்றேன். ரீமிக்ஸ் செய்தவன் வெளியாள், இவர் உள்ளே இருப்பவர். பிரைவேட் பட்டன் இந்த இருவரையுமே தொடாது. இனி வரப்போகும் புது ஆட்களை மட்டும்தான் அது வாசலில் நிறுத்தும்.

பிரைவேட் பட்டன் செய்யாத வேலைகள்

அமைப்புகளுக்குள் Account privacy என்ற இடத்தில் Private account என்பதை இயக்கினால், ஏற்கனவே பாலோ செய்பவர்கள் அப்படியே உள்ளே இருப்பார்கள். அவர்களை மறுபடி அனுமதிக்கட்டுமா என்று யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். ஒன்றரை வருடமாகக் கதவு திறந்து கிடந்தபோது உள்ளே வந்த அத்தனை பேரோடும் சேர்த்துத்தான் அவள் கதவைச் சாத்தியிருந்தாள். டிக்டாக்கிலும் இதே கதைதான்.

ரீமிக்ஸ் விஷயம் இன்னும் கொஞ்சம் கசப்பானது. பிரைவேட் கணக்கிலுள்ள ரீல்ஸை யாராலும் புதிதாக ரீமிக்ஸ் செய்ய முடியாது, டவுன்லோடும் செய்ய முடியாது. ஆனால் முன்பே செய்த ரீமிக்ஸ், செய்தவருடைய வீடியோ. நீங்கள் கணக்கைப் பூட்டினாலும், ரீமிக்ஸை அணைத்தாலும், மூல வீடியோவையே அழித்தாலும் அது நிற்கும்.

"அப்போ என் வீடியோவை டெலீட் பண்ணிடறேன்" என்றாள். வேண்டாம் என்று தடுத்தேன். அழித்தால் ரீமிக்ஸ் போகாது. அது தன்னுடைய வீடியோவிலிருந்து எடுத்தது என்று காட்ட அவள் கையில் இருக்கும் ஆதாரம்தான் போகும்.

இன்னொன்றும் உண்டு. பிரைவேட் ஆனாலும் பயனர் பெயர், பெயர், முகப்புப் படம், சுயவிவர வரிகள் எல்லோருக்கும் தெரியும். தன் வகுப்பின் பெயரை அங்கே எழுதி வைத்திருந்தாள். அதை உடனே எடுத்தாள்.

எதை முதலில் செய்வது

இங்கே வரிசை தவறினால் கஷ்டம். கோபத்தில் எல்லோரும் முதலில் செய்வது பிளாக். அவளும் விரலை அங்கேதான் வைத்திருந்தாள். ஒருவரை பிளாக் செய்துவிட்டால் அவருடைய பதிவுகள் உங்கள் கண்ணுக்கும் மறைந்துவிடலாம். ரீமிக்ஸின் லிங்க்கை எடுக்கக்கூட இன்னொருவரின் போனைத் தேட வேண்டிவரலாம்.

எனவே முதலில் ரீமிக்ஸின் லிங்க்கை நகலெடுத்தோம். அவனுடைய பயனர் பெயர், தலைப்பில் எழுதியிருந்த கிண்டல், தேதி, பார்வை எண்ணிக்கை எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோம். மோசமான கமெண்ட்கள் நான்கைந்தையும் சேர்த்துக்கொண்டோம். அவளுடைய மூல வீடியோவின் லிங்க்கையும் அது போட்ட தேதியையும் ஒரு குறிப்பில் எழுதி வைத்தோம்.

அடுத்தது புகார். அவளுக்குத் தோன்றியது காப்புரிமைப் புகார். படம் அவளுடையது என்பது உண்மைதான், பாட்டு வேறு யாருடையதாக இருந்தாலும். ஆனால் ரீமிக்ஸ் வசதி திறந்திருந்தபோது, அந்த வசதியைக் கொண்டே செய்தது இது. அனுமதி கொடுத்து வைத்திருந்தாயே என்ற பதிலுக்கு அங்கே இடம் இருக்கிறது. அதைவிட, காப்புரிமைப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவரின் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த் தரப்புக்கே போகலாம். கிண்டல் செய்பவன் கையில் இதைக் கொடுக்க வேண்டுமா? யாராவது உங்கள் வீடியோவைத் திருடி அப்படியே தன் பெயரில் போட்டிருந்தால் காப்புரிமை வழி சரி. அப்போதும் அதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது.

நாங்கள் எடுத்தது துன்புறுத்தல் வழி. அந்த ரீமிக்ஸின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, Report போய், கேலி, துன்புறுத்தல் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, குறிவைக்கப்பட்டது தான்தான் என்று குறிப்பிட்டுப் புகார் கொடுத்தாள். அவளுடைய கணக்கிலிருந்தே கொடுத்தது முக்கியம். அவளுடைய தோழிகள் ஏற்கனவே இருபது பேர் ரிப்போர்ட் அடித்திருந்தார்கள். பிரபலம் அல்லாத ஒரு தனிநபரைப் பற்றிய சில வகைக் கேலிகளை, பாதிக்கப்பட்டவரே சொன்னால்தான் இன்ஸ்டாகிராம் விதி மீறலாக எடுத்துக்கொள்ளும். ஊரே கூடிச் சொல்வதைவிட உரியவர் சொல்லும் ஒரு புகாருக்கு எடை அதிகம். அதன்பிறகுதான் பிளாக்.

நான்காம் நாள் அந்த ரீமிக்ஸ் போய்விட்டது. அதற்குள் எத்தனை பேர் அதை எடுத்து வைத்திருப்பார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளும் கேட்கவில்லை.

843 பேரைச் சலிப்பது

பாலோயர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் Remove இருக்கும். அழுத்தினால் அந்த ஆளுக்கு அறிவிப்பு எதுவும் போகாது. அவர் தேடி வந்து பார்த்தால்தான் தெரியும். இதைக் கணக்கு திறந்திருக்கும்போது செய்தால் ஒரு பயனும் இல்லை, அடுத்த நிமிடமே ஒரு தட்டில் திரும்ப பாலோ செய்துவிடலாம். முதலில் பூட்டு, பிறகு சலி. அந்த வகையில் அவள் வெள்ளிக்கிழமை பதற்றத்தில் செய்தது சரியான முதல் படிதான். இரண்டாவது படி இருப்பது தெரியவில்லை, அவ்வளவே.

மூன்று மாலைகள் எடுத்தது. ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் அழுத்திக்கொண்டே போனால், செயலி இயந்திரம் என்று சந்தேகித்துக் கொஞ்ச நேரம் தடுத்துவிடக்கூடும். ஆகவே இடைவெளி விட்டுச் செய்தாள். அவள் வைத்துக்கொண்ட அளவுகோல் எனக்குப் பிடித்திருந்தது: "ரோட்டுல பார்த்தா நின்னு பேசுவேனா?" பேசமாட்டாள் என்றால் வெளியே. 843 என்பது 212 ஆனது. நடுவில் ஒரு இடத்தில் நின்று, "இவங்களை எடுத்தா பாலோயர் எண்ணிக்கை கேவலமா தெரியுமே" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் தானே அழுத்த ஆரம்பித்தாள்.

ரெக்கார்டிங் எடுத்தவரைத் தேடியது தனிக் கதை. அந்த ரெக்கார்டிங்கில் வீடியோவின் அடியில், இதை விரும்பியவர்கள் என்று இரண்டு பெயர்கள் தெரிந்தன. அங்கே எல்லோருக்கும் ஒரே பெயர்கள் வராது. பார்ப்பவர் யாரைப் பின்தொடர்கிறாரோ அவர்களுடைய பெயர்கள்தான் வரும். அந்த இரண்டு பெயரும் அவளுடைய வகுப்புத் தோழிகள், இருவருமே பூட்டிய சிறு கணக்குக்காரர்கள். ஆக, எடுத்தவர் இவளையும் பாலோ செய்கிறார், அந்த இருவரையும் பாலோ செய்கிறார். மூன்று பேரும் உட்கார்ந்து பட்டியல்களை ஒத்துப்பார்த்தார்கள். மூன்றிலும் இருந்தவர்கள் 14 பேர். இதற்குமேல் சுருக்க முடியவில்லை. சுருக்கியிருந்தாலும் அது ஊகம்தான், ஆள் தன் போனை வேறொருவரிடம் கொடுத்திருக்கலாம். யாரையும் குற்றம் சாட்டாமல் 14 பேரையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள்.

ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கைத் தடுக்க அமைப்பு எதுவும் இல்லை. ஒருவர் உங்கள் ரீலை ரெக்கார்ட் செய்தால் அறிவிப்பும் வராது. உள்ளே விடும் ஆட்கள்தான் அதற்கான ஒரே பூட்டு. இதனால் சில வீடியோக்களை அவள் இப்போது Close Friends பட்டியலில் உள்ள 30 பேருக்கு மட்டும் போடுகிறாள். ரீல்ஸுக்கும் அந்த வசதி உண்டு என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

வாசலில் நிற்பவர்கள்

பூட்டிய கணக்குக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் Confirm, Delete என்று இரண்டு பட்டன். Delete கொடுத்தால் அவருக்குச் செய்தி போகாது, அவர் மறுபடி கேட்கலாம். ஒன்றுமே அழுத்தாமல் விட்டால் கோரிக்கை அங்கேயே நிற்கும், அவர் பக்கத்தில் Requested என்று காட்டிக்கொண்டிருக்கும்.

ரீமிக்ஸ் பரவிய வாரத்தில் 70க்கு மேல் கோரிக்கைகள் வந்தன. அதில் ஒன்று அவளுடைய அத்தை மகளின் பெயரில், அதே முகப்புப் படத்தோடு. பொதுவான நண்பர்கள் 9 பேர். விரல் Confirm மேல் போய்விட்டது. பயனர் பெயரின் கடைசியில் ஒரு அடிக்கோடு கூடுதலாக இருந்ததை நான்தான் கவனித்தேன். பொதுவான நண்பர்கள் இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது, அந்த 9 பேரும் இதே மாதிரி ஏமாந்தவர்களாக இருக்கலாம். இன்ஸ்டாகிராமிலேயே "நீதானா?" என்று கேட்டால் பதில் சொல்லப்போவதும் அதே ஆள்தான். அத்தை மகளுக்குப் போன் போட்டாள். "நானா? என்கிட்ட ஒரு கணக்குதான்டி இருக்கு" என்றாள் அவள்.

கமெண்ட்

பூட்டிய கணக்கில் பாலோயர்கள் மட்டுமே கமெண்ட் போட முடியும் என்பதால் பாதி வேலை தானாகவே முடிந்தது. மீதிப் பாதிதான் வீட்டு அரசியல். பெரியப்பா மகன் ஒருவர் ஒவ்வொரு வீடியோவின் கீழும் "படிப்பு எப்படிப் போகுது?" என்று எழுதுவார். பிளாக் செய்தால் அடுத்த விசேஷத்தில் பஞ்சாயத்து. இப்படிப்பட்டவர்களுக்காகவே Restrict இருக்கிறது. அவரை அதில் போட்டால், அவர் எழுதும் கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். இவள் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். தன்னை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. அவர் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

Hidden Words பகுதியில் நாமே சொற்பட்டியல் கொடுத்து அவை வரும் கமெண்ட்களை மறைக்கலாம். தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வசவைத் தமிழ் எழுத்திலும் எழுதுவார்கள், ஆங்கில எழுத்தில் நாலு விதமாகவும் எழுதுவார்கள். லூசு என்று மட்டும் போட்டால் loosu, lusu, loosuu எல்லாம் தப்பித்து வந்துவிடும். அவள் பட்டியலில் 11 வசவுகளுக்கு 40க்கு மேல் வடிவங்கள் ஆயின. ரீமிக்ஸின் கீழ் வந்திருந்த கமெண்ட்களின் ஸ்க்ரீன்ஷாட்டிலிருந்தே அவற்றை எடுத்தாள். அந்த வேலையை மட்டும் நான் செய்து தருகிறேன் என்றேன், அவள் விடவில்லை.

பூட்டுக்குக் கீழே இன்னொரு பூட்டு

"எல்லாம் பிரைவேட் தானே, ரீமிக்ஸ், டவுன்லோட் அமைப்பை எதுக்குத் தொடணும்?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. கணக்கு பூட்டியிருக்கும்வரை அந்த அமைப்புகள் எப்படி இருந்தாலும் வித்தியாசம் இல்லை. ஆனால் பூட்டை எடுக்கும் நாளில் அடியில் இருப்பவை மறுபடி உயிர்பெறும். இவளுக்கு அந்த நாள் பக்கத்திலேயே இருந்தது. நடன வகுப்புக்காகக் கணக்கை வணிகக் கணக்காக மாற்றும் யோசனையில் இருந்தாள். இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்கைப் பிரைவேட்டாக வைக்க முடியாது. மாற்றிய அன்றே 61 வீடியோக்களும் ரீமிக்ஸ் திறந்த நிலையில் வெளியே வந்திருக்கும்.

ஆகவே கணக்கு நாளைக்கே திறக்கப்போகிறது என்று வைத்துக்கொண்டு அடிப்பூட்டுகளைப் போட்டோம். பகிர்தல், மறுபயன்பாடு குறித்த பகுதியில் ரீமிக்ஸையும் டவுன்லோடையும் மொத்தமாக அணைத்தோம். இதன் பெயரும் இடமும் செயலியின் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், அமைப்புகளின் தேடல் கட்டத்தில் remix என்று தட்டினால் கொண்டுபோய் விடும். பிறகு பழைய வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்த பத்தை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, மூன்று புள்ளிகளில் போய் அங்கேயும் அணைந்திருக்கிறதா என்று சரிபார்த்தோம். மொத்த அமைப்பை மட்டும் நம்பி நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன், அதனால்தான் இந்தச் சோதனை.

இந்த இரண்டு அமைப்பில் ஒன்றைத்தான் அணைக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் ரீமிக்ஸைத்தான் அணைப்பேன். டவுன்லோடை அணைத்துவிட்டு ரீமிக்ஸைத் திறந்து வைத்தால், ரீமிக்ஸ் செய்தவரின் வீடியோவை மற்றவர்கள் டவுன்லோட் செய்யலாம், அதற்குள் நீங்களும் இருப்பீர்கள். முன்கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கணக்கு அது.

மற்ற செயலிகளில் இதே சொற்கள் வேறு பொருளில் வரும் என்பதையும் சொல்லி வைத்தேன். டிக்டாக்கில் நண்பர்கள் என்றால், உங்களை பாலோ செய்பவர்களில் நீங்களும் திரும்ப பாலோ செய்பவர்கள் மட்டும்தான். கமெண்ட்டை நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்துவிட்டுக் கண்டவரையெல்லாம் திரும்ப பாலோ செய்தால் அந்த அமைப்புக்குப் பொருளில்லை. யூடியூபில் பாலோயரை அனுமதிக்கும் பூட்டே கிடையாது. ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனியாகத்தான் தீர்மானிக்க வேண்டும். அங்கே Unlisted என்பதைப் பலர் பிரைவேட் என்று நினைத்துக்கொள்கிறார்கள், லிங்க் கிடைத்த எவரும் அதைப் பார்க்கலாம்.

வணிகக் கணக்கு யோசனையை அவள் கைவிடவில்லை. வகுப்புக்கென்று தனியாக இன்னொரு கணக்கைத் திறந்தாள். அதில் அவள் முகம் வராத, கால் அடவுகள் மட்டும் உள்ள 8 வீடியோக்கள் இருக்கின்றன. ரீமிக்ஸ் அணைந்திருக்கிறது, கமெண்ட்டை அவள் பாலோ செய்பவர்களுக்கு மட்டும் திறந்திருக்கிறாள். பழைய கணக்கு 198 பேரோடு பூட்டியபடியே இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாள். எடுத்துவிட்ட அந்த 14 பேரில் ஒருவர் மறுபடி கோரிக்கை அனுப்பியிருந்தார். ஆள் அவளுடன் நன்றாகப் பேசுபவர், அவர்தான் ரெக்கார்டிங் எடுத்தார் என்பதற்கு ஆதாரமும் கிடையாது. "என்ன பண்ணே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பட்டனையும் தொடலை அக்கா. அப்படியே கிடக்கட்டும்" என்றாள்.